தொடர் ஆளைச் சேர்க்கிறதா, கூட்டத்தை மட்டும் காட்டுகிறதா? மூன்று அளவுகோல்கள், ஒரு முடிவு

ஓவியம் வரையக் கற்றுத்தரும் ஒரு வீடியோ சேனல் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்தோறும் ஒரு தொடரின் ஒரு பகுதி வந்தது. வாரத்தின் மற்ற நாட்களில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தனி வீடியோக்கள். எட்டு வாரத்தில் தொடர் முடிந்துவிட்டது. இப்போது இரண்டாவது சீசன் எடுப்பதா, அந்த உழைப்பையும் தனி வீடியோக்களுக்கே கொடுப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். தொடர் எடுப்பது செலவு பிடித்த வேலை. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, அதைப் பார்க்க வந்தவர்கள் நம்மிடம் தங்குகிறார்களா என்பதுதான்.

மொத்தப் பார்வை எண்ணிக்கை இதற்குப் பதில் சொல்லாது. ஒரே ஆள் பத்து முறை வந்தாலும் பத்து, பத்துப் பேர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாலும் பத்து. வந்தவரே திரும்ப வருகிறாரா என்று பார்க்க நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. டாஷ்போர்டில் தெரியும் புதியவர், திரும்பி வந்தவர் விகிதம் முதலாவது. பகுதிக்குப் பகுதி எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்ற கணக்கு இரண்டாவது. கோஹார்ட் ஆய்வு மூன்றாவது. கோஹார்ட் என்றால் பயந்துவிட வேண்டாம். கல்லூரியில் "எங்க பேட்ச்" என்று சொல்வோமே, அதேதான். ஒரே வாரத்தில் முதன்முதலாக வந்தவர்களை ஒரு பேட்சாகப் பிரித்து, அந்தப் பேட்ச் அடுத்தடுத்த வாரங்களில் என்ன ஆனது என்று பின்தொடர்வது. இந்தக் கட்டுரையில் பேட்ச் என்றே எழுதுகிறேன்.

மூன்றும் ஒரே விஷயத்தை அளப்பதுபோலத் தெரியும். ஒரே சேனலுக்கு மூன்றும் மூன்று தீர்ப்புகள் சொல்லக்கூடும். கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் அமைத்தவை. அவை காட்டும் குழப்பங்கள் மட்டும் நிஜமாகவே அடிக்கடி வருபவை.

முதல் வழி: டாஷ்போர்டின் விகிதம்

தொடருக்கு முந்தைய மாதம் சேனலுக்கு 10,000 பேர் வந்தார்கள். அதில் 4,000 பேர் ஏற்கெனவே வந்தவர்கள், அதாவது 40 சதவீதம். தொடர் ஓடிய மாதத்தில் 25,000 பேர். அதில் திரும்பி வந்தவர்கள் 7,000, அதாவது 28 சதவீதம். கூட்டத்தில் யாராவது ஒருவர் இந்த 40, 28 என்ற இரண்டு எண்களை மட்டும் எடுத்துத் திரையில் போடுவார். "தொடர் வந்ததும் விசுவாசம் விழுந்துவிட்டது" என்று பேச்சு ஆரம்பமாகும்.

விழவில்லை. திரும்பி வருபவர்கள் 4,000-இலிருந்து 7,000 ஆகியிருக்கிறார்கள். புதியவர்கள் 6,000-இலிருந்து 18,000 ஆனதால் பங்குதான் சுருங்கியது. இதன் மறுபக்கம் இன்னும் மோசம். புது ஆள் வரத்து நின்றுபோய், மாதம் 5,000 பேர் மட்டும் வந்து, அதில் 3,500 பேர் பழையவர்கள் என்றால் விகிதம் 70 சதவீதம். பார்க்க அழகாக இருக்கும். உண்மையில் பழைய ரசிகர்களிலும் 500 பேர் குறைந்திருக்கிறார்கள், சேனல் மெல்ல வற்றிக்கொண்டிருக்கிறது. விகிதத்தின் கீழே இருக்கும் எண்ணே நகர்ந்துகொண்டிருக்கும்போது மேலே இருப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இன்னொரு சிக்கல், "புதியவர்" என்ற சொல்லுக்கு டாஷ்போர்டு கொடுக்கும் அர்த்தம். யூடியூபில் தனிப்பட்ட உலாவல் முறையில் பார்ப்பவர், பார்த்த வரலாற்றை அழித்துவிட்டவர், ஓராண்டுக்கு மேல் வராமல் இருந்தவர் எல்லோருமே புதியவர் கணக்கில்தான் சேர்கிறார்கள். மூன்று வருடம் முன்பு உங்கள் வீடியோவைப் பார்த்து வரையக் கற்றவர் இன்று வந்தால் அவர் புது முகம். இப்போது யூடியூப் ஸ்டுடியோ பார்வையாளர்களைப் புதியவர், அவ்வப்போது வருபவர், வழக்கமாக வருபவர் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. கடந்த ஓராண்டில் ஆறு மாதமாவது வந்திருந்தால்தான் வழக்கமானவர் என்ற பெயர் கிடைக்கும். நல்ல பிரிவுதான். ஆனால் நம் தொடர் ஓடியதே எட்டு வாரம். முதல் பகுதியில் வந்து எட்டாவது பகுதிவரை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்த ஆளும் இந்தக் கணக்கில் "அவ்வப்போது" வருபவர்தான். முடிவெடுக்கும் நாளில் அந்த வரைபடம் நமக்காக அசைந்திருக்காது.

இதை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. விகிதத்தை விட்டுவிட்டு, திரும்பி வருபவர்களின் எண்ணிக்கையைத் தனிக் கோடாக வாரவாரம் பாருங்கள். அது ஏறுகிறதா, தொடர் முடிந்ததும் இறங்குகிறதா என்பது ஒரு தடயம். யாரால் ஏறியது என்று மட்டும் தெரியாது.

இரண்டாவது வழி: பகுதிக்குப் பகுதி

தொடர் எடுப்பவர்கள் இயல்பாகவே செய்யும் கணக்கு இது. முதல் பகுதிக்கு 9,000 பார்வை, எட்டாவதுக்கு 2,700, ஆக 30 சதவீதம் பேர் கடைசிவரை வந்தார்கள் என்பார்கள்.

இதில் முதல் தவறு வயது. முதல் பகுதி வெளியாகி எட்டு வாரம், எட்டாவது வெளியாகி ஒரு வாரம் என்றால், இரண்டையும் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு பகுதியையும் அது வெளியான முதல் 7 நாட்களில் பெற்ற எண்ணிக்கையை வைத்து ஒப்பிட வேண்டும். இதை டாஷ்போர்டிலேயே செய்யலாம், பத்து நிமிட வேலை. அப்படிப் பார்த்தால் முதல் பகுதிக்கு 4,000, எட்டாவதுக்கு 2,700 என்று வரலாம். கதையே மாறிவிட்டது, பாருங்கள்.

ஆனால் இன்னும் அந்த 2,700 பேர் யார் என்று தெரியவில்லை. முதல் பகுதியைப் பார்த்தவர்களில் மிஞ்சியவர்களா, ஐந்தாவது பகுதியை யாரோ பகிர்ந்ததால் நடுவில் ஏறியவர்களா? எண்ணிக்கை இரண்டையும் கலந்தே காட்டும். ஐந்தாவது பகுதியில் பாதிப் பேர் போய், அதே பகுதியில் வேறு பாதி வந்து சேர்ந்தாலும் கோடு சமமாகத்தான் போகும்.

பார்த்த நேரமும் இங்கே ஏமாற்றும். பின்பகுதிகளில் சராசரியாக ஒருவர் பார்க்கும் சதவீதம் ஏறும். "போகப் போகத் தரம் கூடுகிறது" என்று குழு மகிழும். பெரும்பாலும் நடப்பது வேறு: ஆர்வமில்லாதவர்கள் முன்பே இறங்கிவிட்டார்கள், மிஞ்சியவர்கள் எதைப் போட்டாலும் கடைசிவரை பார்ப்பவர்கள். வடிகட்டியில் மிஞ்சியதை வைத்துக் கொட்டியதைப் பற்றிப் பேச முடியாது.

அப்புறம் தானாக ஓடும் பிளேலிஸ்ட். எட்டாவது வாரத்தில் வந்த ஒருவர் ஒரே மாலையில் முதல் பகுதியிலிருந்து எட்டாவது பகுதிவரை ஓடவிட்டால், இந்தக் கணக்கில் அவர் எட்டு முறை தேர்ச்சி பெற்றவர். அவர் சேனலுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. மறுநாள் வருவாரா என்பது யாருக்கும் தெரியாது. மூழ்கிப் பார்ப்பது வேறு, திரும்பி வருவது வேறு. விசுவாசம் என்ற சொல்லுக்கு இரண்டாவதுதான் நெருக்கம் என்பது என் கட்சி.

இந்த வழியின் உண்மையான பயன் எங்கே என்றால், தொடருக்குள் எந்த இடத்தில் ஆள் கழன்றார்கள் என்று கண்டுபிடிப்பதில். மூன்றாவது பகுதியில் திடீர்ச் சரிவு இருந்தால் அந்தப் பகுதியைத் திரும்பப் பார்த்துத் திருத்த வேண்டும். தொகுப்பாளருக்கு அது தங்கம். சீசன் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு அது போதாது.

மூன்றாவது வழி: பேட்ச் பேட்சாக

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு பார்வையிலும் "இது இன்னார்" என்று அடையாளம் காட்டும் ஒரு எண் வேண்டும். யூடியூப் தனி ஆளின் தரவைச் சேனல் உரிமையாளருக்குத் தராது, எனவே அங்கே இதை முழுதாகச் செய்யவே முடியாது. சொந்தத் தளமோ செயலியோ வைத்து, உள்நுழைந்து பார்க்கும் ஆட்கள் இருந்தால் செய்யலாம். நம் ஓவியச் சேனலுக்குச் சொந்தச் செயலியும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

தரவுத்தளத்தில் `views` என்ற ஒரு அட்டவணை இருந்தால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-இல் இவ்வளவுதான்:

```sql
WITH first_view AS (
  SELECT viewer_id, MIN(view_date) AS d0
  FROM views
  WHERE watch_sec >= 30
  GROUP BY viewer_id
)
SELECT DATE_TRUNC('week', f.d0) AS cohort,
       (v.view_date - f.d0) / 7 AS week_no,
       COUNT(DISTINCT f.viewer_id) AS viewers
FROM first_view f
JOIN views v ON v.viewer_id = f.viewer_id
WHERE v.watch_sec >= 30
GROUP BY 1, 2
ORDER BY 1, 2;
```

இதில் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, 30 வினாடிக்குக் குறைவான பார்வையை நான் வருகையாக எண்ணவில்லை. கை தவறித் தொட்டவர் திரும்பி வந்தவராகக் கூடாது. இரண்டாவது, வாரத்தை நாள்காட்டிப்படி எண்ணாமல் அவரவர் முதல் நாளிலிருந்து எண்ணுகிறேன். நாள்காட்டி வாரத்தை எடுத்தால், ஞாயிறு இரவு வந்தவர் திங்கள் காலையில் ஒரு முறை பார்த்தாலே "அடுத்த வாரமும் வந்தார்" ஆகிவிடுவார்.

ஏழு நாள் என்பதும் சும்மா எடுத்ததல்ல. தொடர் வாரம் ஒரு முறை வருவதால் எந்த ஏழு நாளை எடுத்தாலும் அதற்குள் ஒரு புதிய பகுதி கட்டாயம் இருக்கும். உங்கள் தொடர் பத்து நாளைக்கு ஒரு முறை வருகிறது என்றால் கட்டத்தையும் பத்து நாளாக்குங்கள். இல்லாவிட்டால் சில கட்டங்களில் பார்ப்பதற்கே புதிதாக ஒன்றும் இருக்காது. ஆள் வரவில்லை என்று நாம் வருந்திக்கொண்டிருப்போம்.

வரும் அட்டவணை ஒரு படிக்கட்டு வடிவில் இருக்கும். பழைய பேட்சுக்கு நீண்ட வரிசை, புதிய பேட்சுக்குக் குட்டை வரிசை. அதை மூன்று திசைகளில் படிக்கலாம். இடமிருந்து வலமாகப் போனால் ஒரு பேட்ச் எப்படித் தேய்கிறது என்று தெரியும். மேலிருந்து கீழே போனால் பின்னால் வந்த பேட்சுகள் முன்னால் வந்தவற்றைவிட நன்றாகத் தங்குகின்றனவா என்று தெரியும். மூலைவிட்டமாகப் போனால் நாள்காட்டி தெரியும். எல்லாப் பேட்சும் ஒரே நாள்காட்டி வாரத்தில் எகிறியிருந்தால், அன்று எல்லோருக்கும் ஒரு அறிவிப்பு அனுப்பியிருப்பீர்கள். அது தொடரின் பெருமை அல்ல.

குட்டை வரிசையில் காலியாக இருக்கும் கட்டங்கள் பூஜ்யம் அல்ல, இன்னும் நடக்காதவை. சராசரி போடும்போது அவை பூஜ்யமாகச் சேர்ந்துவிட்டால் புதிய பேட்சுகள் எல்லாமே மோசமாகத் தெரியும். பாதி முடிந்த வாரமும் அப்படித்தான். புதன்கிழமை எடுத்த அறிக்கையில் கடைசிக் கட்டம் எப்போதும் பரிதாபமாக இருக்கும்.

இன்னும் மோசமான பொறி, பதிவு ஆரம்பித்த நாள். பார்வைகளைச் சேமிக்க ஆரம்பித்தது தொடர் தொடங்கிய அதே வாரம் என்றால், ஐந்து வருட ரசிகரும் அந்த வாரம் "முதன்முதலாக வந்தவர்" ஆவார். தொடரின் முதல் பேட்ச் பிரமாதமாகத் தங்கும். மகிழ்ச்சியோடு விருந்து வைத்துவிடாதீர்கள். பதிவு தொடங்கிய முதல் நான்கைந்து வாரப் பேட்சுகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவது என் வழக்கம்.

உள்நுழையாத ஆட்களைக் குக்கியை வைத்து அடையாளம் காண்கிறீர்கள் என்றால் எச்சரிக்கை. ஆப்பிளின் சஃபாரி உலாவி, பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கிகளை 2019 முதல் அதிகபட்சம் ஏழு நாள்தான் வைத்திருக்கிறது. எட்டு நாள் இடைவெளி விட்டு வருபவர் புது ஆள் ஆகிறார். வாரம் ஒரு முறை வரும் தொடருக்கு இதைவிடக் கெட்ட எல்லை இருக்க முடியாது. உங்கள் அட்டவணையில் சஃபாரி பார்வையாளர்கள் மட்டும் இரண்டாவது வாரத்தில் செங்குத்தாக விழுந்தால், அது ஆளின் மனம் அல்ல, குக்கியின் ஆயுள். உலாவி வாரியாக ஒரு முறை பிரித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

தொடர் வழி வந்தவரும் தனி வீடியோ வழி வந்தவரும்

பேட்சை வாரத்தால் மட்டும் பிரித்தால் நம் கேள்விக்குப் பதில் வராது. ஒருவர் முதன்முதலில் பார்த்த வீடியோ எது என்பதாலும் பிரிக்க வேண்டும். அதை நுழைவு வீடியோ என்போம். முதலில் பார்த்தது தொடரின் ஏதோ ஒரு பகுதி என்றால் அவர் தொடர் பேட்ச். இல்லாவிட்டால் தனி பேட்ச். தொடருக்கு முன்பிருந்தே வரும் பழைய ரசிகர்கள் இரண்டிலும் சேர மாட்டார்கள். அவர்களும் தொடரைப் பார்த்திருப்பார்கள், ஆனால் தொடர் அவர்களைச் சேர்க்கவில்லை.

தொடரின் முதல் நான்கு வாரங்களில் புதிதாக வந்தவர்களை எடுத்துக்கொள்வோம். தொடர் வழி வந்தவர்கள் 2,000 பேர். முதல் வாரம் கழித்து 22 சதவீதம் பேர் மீண்டும் வந்தார்கள். அதன்பின் 15, 13, நான்காவது வாரத்தில் 12. தனி வீடியோ வழி வந்தவர்கள் 3,000 பேர். அவர்களுக்கு 12, 7, 5, 4. முதல் கோடு 12-க்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளப் பார்க்கிறது, இரண்டாவது இறங்கிக்கொண்டே போகிறது. நான்காவது வாரத்தில் மூன்று மடங்கு வித்தியாசம். இங்கேயே நிறுத்திவிட்டால் இரண்டாவது சீசனுக்கு உடனே சரி சொல்லிவிடலாம்.

நிறுத்தக் கூடாது. இந்த இரண்டு பேட்சும் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். தேடி வந்தவர் ஒரு தேவையோடு வருகிறார். பரிந்துரையில் கண்ணில் பட்டு வந்தவர் சும்மா வருகிறார். இருவரும் தங்கும் அளவு எந்த வீடியோவாக இருந்தாலும் வேறுபடும். நான்காவது வாரக் கணக்கைப் பிரித்தால்:

| | தேடி வந்தவர் | நான்காவது வாரம் மீண்டும் | பரிந்துரையில் வந்தவர் | நான்காவது வாரம் மீண்டும் |
|---|---|---|---|---|
| தொடர் பேட்ச் | 1,400 | 210 (15%) | 600 | 30 (5%) |
| தனி பேட்ச் | 600 | 60 (10%) | 2,400 | 60 (2.5%) |

தொடர் பேட்சில் பத்துக்கு ஏழு பேர் தேடி வந்தவர்கள். தனி பேட்சில் பத்துக்கு எட்டுப் பேர் பரிந்துரையில் வந்தவர்கள். எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் கிட்டத்தட்டப் பாதி இந்தக் கலவையால் வந்தது. தனி பேட்சிலும் பத்துக்கு ஏழு பேர் தேடி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 0.7 × 10 + 0.3 × 2.5, அதாவது சுமார் 7.75 சதவீதம். ஆக நியாயமான ஒப்பீடு 12-க்கும் 4-க்கும் அல்ல, 12-க்கும் 7.75-க்கும். தொடர் இன்னும் முன்னால்தான் இருக்கிறது, ஆனால் எட்டுப் புள்ளியாக இருந்த வித்தியாசம் நான்கேகால் புள்ளியாகச் சுருங்கியிருக்கிறது.

அந்தப் பரிந்துரைக் கட்டத்தில் இருப்பது வெறும் 30 பேர் என்பதையும் கவனியுங்கள். 600 பேரில் 30 என்றால் உண்மையான விகிதம் மூன்றேகாலிலிருந்து ஆறே முக்கால்வரை எங்கேயும் இருக்கலாம். தேடி வந்தவர்கள் பக்கம் நிலைமை பரவாயில்லை. 15-க்கும் 10-க்கும் இடையிலுள்ள ஐந்து புள்ளியில் மூன்று புள்ளிவரை தற்செயலாக ஆடலாம், மிச்சம் நிற்கும். உங்களுடையது இதைவிடச் சின்னச் சேனல் என்றால், வாரவாரம் பிரிக்காமல் நான்கு வார பேட்சுகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். ஐம்பது பேர் உள்ள பேட்சில் சதவீதம் போடுவது ஜோசியம்.

இன்னும் ஒரு வித்தியாசம் எந்தப் பிரிப்பாலும் போகாது. எட்டுப் பகுதித் தொடர் என்று தெரிந்தே முதல் பகுதியைத் தொடுபவர், இயல்பிலேயே கொஞ்சம் பொறுமைசாலி. அவரைத் தொடர் உருவாக்கவில்லை, ஈர்த்தது அவ்வளவுதான். இதை நேராகத் தீர்க்க ஒரே வழி, செயலியின் முகப்பில் புதியவர்களில் பாதிப் பேருக்குத் தொடரையும் பாதிப் பேருக்குத் தனி வீடியோவையும் சீட்டுக் குலுக்கியதுபோல் காட்டுவது. பிறகு, யார் எதைத் தொட்டார் என்று பார்க்காமல், யாருக்கு எது காட்டப்பட்டது என்பதை வைத்தே இரு பாதிகளையும் ஒப்பிட வேண்டும். சொந்தச் செயலி இருப்பவர்கள் செய்யலாம், மற்றவர்கள் இந்தச் சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டே எண்ணைப் படிக்க வேண்டும்.

தொடர் முடிந்தபிறகு

எனக்கு இந்த ஆய்விலேயே முக்கியமான கட்டம் இதுதான். பலர் இதற்குக் காத்திருப்பதில்லை. நான்காவது வாரத்தில் தொடர் பேட்ச் திரும்பி வந்தது ஏன்? அடுத்த பகுதி வந்ததால். அடுத்த பகுதிக்கு வருவது தொடரின் மேல் உள்ள பிடிப்பு. அந்தப் பிடிப்பு சேனலுக்கு மாறியதா என்று பார்க்க, வருவதற்குத் தொடர் ஒன்றும் இல்லாத நாட்கள் வேண்டும். எட்டாவது பகுதி வந்து ஒரு வாரம் விட்டு, அதற்கடுத்த நான்கு வாரங்களை எடுத்துக்கொள்கிறேன். அந்த நான்கு வாரத்தில் ஒரு முறையாவது, தொடர் அல்லாத வீடியோவைப் பார்க்க வந்தவர்களை மட்டும் எண்ணுகிறேன்.

நம் எடுத்துக்காட்டில் இப்படி வருகிறது. தேடி வந்த தொடர் பேட்ச் 1,400 பேரில் 98 பேர், 7 சதவீதம். தேடி வந்த தனி பேட்ச் 600 பேரில் 39 பேர், 6.5 சதவீதம். பரிந்துரையில் வந்தவர்கள் இரு பக்கமும் 2 சதவீதம்: 600-இல் 12, 2,400-இல் 48. வித்தியாசம் போயே போய்விட்டது. தொடர் ஓடும்வரை ஒட்டியிருந்தவர்கள், அது முடிந்ததும் மற்ற எல்லோரையும்போல ஆகிவிட்டார்கள்.

இதைத் தோல்வி என்று படிக்க வேண்டியதில்லை. தொடர் தனக்கென ஒரு பழக்கத்தை உண்டாக்கியிருக்கிறது, சேனலுக்கு அல்ல. இரண்டும் வேறு வேறு முடிவுகளுக்குக் கொண்டுபோகும். எதிர்மாறாக வந்திருந்தால், உதாரணமாகத் தொடர் முடிந்தபிறகும் தேடி வந்தவர்கள் 11-க்கு 6.5 என்று நின்றிருந்தால், ஒரே ஒரு சீசன்கூட நிரந்தரமாக ஆள் சேர்த்துக் கொடுக்கும் என்று நம்பி, விட்டு விட்டு எடுக்கலாம். இப்போது அந்தச் சுகம் இல்லை. தொடர் வேண்டும் என்றால் தொடர்ந்து இருக்க வேண்டும், இடைவெளி விட்டால் பேட்ச் கரையும்.

எதை வைத்து முடிவெடுப்பது

யூடியூப் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் மூன்றாவது வழி உங்களுக்கு இல்லை. அப்போது முதல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். திரும்பி வருபவர்களின் எண்ணிக்கைக் கோட்டைத் தொடர் முடிந்து ஒன்றரை மாதம்வரை பின்தொடருங்கள், கூடவே ஒவ்வொரு பகுதியின் முதல் ஏழு நாளையும் ஒப்பிடுங்கள். எல்லாப் பகுதிகளையும் ஒரு குழுவாகவும் தனி வீடியோக்களை இன்னொரு குழுவாகவும் ஸ்டுடியோவில் பிரித்துவைத்தால் வேலை சுலபம். தொடர் நின்றதும் அந்தக் கோடு பழைய இடத்துக்கே இறங்கினால், மேலே பார்த்த அதே கதை நடந்திருக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. அதற்குமேல் உறுதியாகப் பேச அந்தத் தரவு இடம் தராது. பேசுபவர்களை நம்பவும் வேண்டாம்.

சொந்தத் தளமோ செயலியோ இருந்தால், நுழைவு வீடியோவால் பிரித்த பேட்ச் ஆய்வைத்தான் எடுப்பேன், அதிலும் தொடர் முடிந்தபின் உள்ள நான்கு வாரத்தைத்தான் முதலில் திறப்பேன். மற்ற இரண்டையும் கூட்டத்தில் காட்ட மாட்டேன். காட்டினால் யாருக்கு எந்த எண் பிடிக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு நிபந்தனை, ஆய்வைத் தொடங்கும் முன்பே எந்த எண் வந்தால் என்ன செய்வோம் என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட வேண்டும். பேட்ச் அட்டவணையில் கட்டங்கள் ஏராளம். தேடினால் எல்லாக் கட்சிக்கும் ஒரு கட்டம் கிடைக்கும்.

நம் ஓவியச் சேனலுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டாவது சீசன் எடுக்கலாம். ஆனால் மற்ற வீடியோக்களையும் அது தூக்கிவிடும் என்ற கணக்கில் செலவை நியாயப்படுத்த வேண்டாம். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் அடுத்த பகுதியை மட்டும் சொல்லாமல், பொருத்தமான ஒரு தனி வீடியோவையும் காட்டிப் பார்க்கலாம். ஏனென்றால் பழக்கம் சேனலுக்கு மாறாததற்கு, மாறுவதற்கான வாசலே இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது சீசனின் முதல் பகுதி வரும் வாரத்தில் பார்க்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. முதல் சீசன் வழியாக வந்த 2,000 பேரில், இடைப்பட்ட வாரங்களில் ஒரு முறைகூட வராமல் இருந்துவிட்டு, புதிய சீசனின் முதல் ஏழு நாளில் மீண்டும் தலைகாட்டியவர்கள் எத்தனை பேர்? அதே நாட்களில் தனி பேட்சிலிருந்து அப்படி எழுந்து வந்தவர்கள் எத்தனை பேர்? வழக்கம்போல, தேடி வந்தவரையும் பரிந்துரையில் வந்தவரையும் தனித்தனியாகவே எண்ணுங்கள். முதல் பக்கம் தெளிவாக அதிகம் என்றால், அவர்கள் போய்விடவில்லை, தொடருக்காகக் காத்திருந்தார்கள்.